தமிழ் விளம்பர வரியை 30 கேரக்டருக்குள் அடக்குவது எப்படி?

கேள்வி: "இன்ஸ்டாகிராமில் போட்ட கேப்ஷனை கூகுள் விளம்பரத்தில் போட்டால் நீளம் அதிகம் என்று சிவப்பில் காட்டுகிறது. தமிழில் மூன்று சொல் எழுதுவதற்குள் 30 தீர்ந்துவிடுகிறது. தள்ளுபடி விவரமும் போன் நம்பரும் விட்டுப்போகாமல் எப்படிச் சுருக்குவது?"

சொற்களை வெட்டத் தொடங்கும் முன் அந்தப் பெட்டி எதை எண்ணுகிறது என்று பாருங்கள். நாம் எழுத்தை எண்ணுகிறோம், கணினி கேரக்டரை எண்ணுகிறது. தமிழில் இரண்டும் ஒன்றல்ல. புள்ளி ஒரு கேரக்டர், கால் ஒன்று, கொம்பு ஒன்று, இடைவெளியும் ஒன்று. 'தள்ளுபடி' என்பதில் நமக்குத் தெரிவது ஐந்து எழுத்து, கணக்கில் 8. 'வாடிக்கையாளர்களுக்கு' என்பது 11 எழுத்து, கணக்கில் 20. கூகுள் தேடல் விளம்பரத்தில் ஒரு ஹெட்லைனுக்கு 30 கேரக்டர், டிஸ்கிரிப்ஷனுக்கு 90. அந்த ஒரே சொல் ஹெட்லைனில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு 30 கேரக்டரில் ஐந்தாறு சொல் கிடைக்கும். நமக்கு மூன்று, கெட்டிக்காரத்தனமாக எழுதினால் நான்கு.

பெட்டிக்குள்ளேயே எழுதி அழித்துக்கொண்டிருப்பதைவிட ஒரு ஷீட்டில் A2 கட்டத்திலிருந்து வரிகளை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் கீழே உள்ள ஃபார்முலாவைப் போடுங்கள். புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் இது தனித்தனியாகத்தான் எண்ணும்.

```
=LEN(TRIM(A2))
```

ஷீட்டின் எண்ணும் விளம்பரப் பெட்டியின் எண்ணும் எப்போதாவது முரண்பட்டால் பெட்டி சொல்வதே முடிவு. ஷீட் வரைவுக்கு மட்டும்.

இனி ஒரு கேப்ஷனை எடுத்து வெட்டிப் பார்ப்போம். இந்த மாதிரியான கேப்ஷன்தான் வழக்கமாக வரும்: "உங்கள் வீட்டு சோபா, மெத்தை, கார்பெட் எல்லாவற்றையும் புத்தம் புதிது போல சுத்தம் செய்து தருகிறோம்! முதல் முறையாக வரும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் 20 சதவீதம் சிறப்புத் தள்ளுபடி. இந்தச் சலுகை மார்ச் 31ஆம் தேதி வரை மட்டுமே. வீட்டுக்கே வந்து செய்து தருகிறோம். உடனே அழையுங்கள்:" இதற்குப் பிறகு போன் நம்பர். நம்பரைச் சேர்க்காமலே இது 272 கேரக்டர்.

இதில் எது சலுகை, எது அலங்காரம் என்று முதலில் பிரிக்க வேண்டும். சலுகை என்பது 20% என்ற எண் மட்டும் அல்ல. எதற்கு, எவ்வளவு, யாருக்கு, எதுவரை என்ற நான்கும் சேர்ந்ததுதான் சலுகை. இங்கே சோபா சுத்தம், 20%, முதல் முறை வருபவர், மார்ச் 31. இந்த நான்கில் ஒன்றை விட்டாலும் நீங்கள் தரும் சலுகை வேறு, விளம்பரம் சொல்லும் சலுகை வேறு என்று ஆகிவிடும். மீதி எல்லாம் வெட்டத் தகுந்தவை: உங்கள், எல்லாவற்றையும், புத்தம் புதிது போல, சிறப்பு, இந்தச் சலுகை, உடனே. தள்ளுபடி என்றாலே சிறப்புதான். அந்த ஒரு அடைமொழி, பின்னால் வரும் 'த்' சந்தியோடும் இடைவெளியோடும் 10 கேரக்டர் தின்கிறது.

அலங்காரம் போன பிறகு வினைச்சொற்களைப் பாருங்கள். தமிழில் இடத்தை அதிகம் தின்பவை இவைதான். 'அழையுங்கள்' 10, 'அழைக்க' 6. 'முன்பதிவு செய்யுங்கள்' 21, 'புக் செய்ய' 10. 'செய்து தருகிறோம்' 16, 'செய்கிறோம்' 10. ஹெட்லைனில் பல நேரம் வினையே தேவைப்படாது. 'சோபா சுத்தம்' என்றாலே நீங்கள் செய்துதருவீர்கள் என்று படிப்பவருக்குப் புரியும். '20 சதவீதம்' என்பதை '20%' ஆக்கினால் 10 என்பது 3 ஆகிறது. '31ஆம் தேதி வரை' என்பது 14 கேரக்டர், 'மார்ச் 31 வரை' 13. மாதத்தின் பெயரைச் சேர்த்தும் ஒன்று மிச்சம். மாதம் இல்லாமல் தேதியை மட்டும் போட்டால் வேறு மாதத்தில் பார்ப்பவர் அந்த மாதத்து 31 என்று நினைத்துக்கொள்ளலாம், அதனால் மாதத்தை விட வேண்டாம்.

மரியாதை குறைந்துவிடுமோ என்று 'அழைக்க' போடத் தயங்குபவர்கள் உண்டு. பட்டனிலும் பலகையிலும் நாம் தினமும் படிக்கிற வடிவம் அது, யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. டிஸ்கிரிப்ஷனில் இடம் இருந்தால் 'அழையுங்கள்' என்றே போடுங்கள், ஹெட்லைனில் வேண்டாம்.

வேற்றுமை உருபில் மட்டும் கை வைக்காதீர்கள். '-க்கு' நான்கு கேரக்டர் என்பதால் வெட்டத் தோன்றும். ஆனால் நிபந்தனை அந்த உருபில்தான் இருக்கிறது. 'முதல் சேவைக்கு 20% தள்ளுபடி' என்றால் பொருள் தெளிவு. 'முதல் சேவை 20% தள்ளுபடி' என்றால் படிப்பவர் ஒரு நொடி நின்று யோசிப்பார். 'வரை' என்ற சொல்லும் இப்படித்தான். நீங்கள் தருவது '20% வரை தள்ளுபடி' என்றால் அந்தச் சொல்லும் ஒரு இடைவெளியும் சேர்ந்து 4 கேரக்டர்தான். அதை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் 20% என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். 'ஆஃபர்' 5, 'சலுகை' 5, 'தள்ளுபடி' 8 என்று பார்த்து மூன்று கேரக்டரை மிச்சப்படுத்தச் சொல்வார்கள். '20% ஆஃபர்' என்பது விலை குறைகிறதா, கூடுதலாக ஏதாவது கிடைக்கிறதா என்று சொல்லாமல் விடுகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் 'தள்ளுபடி' என்று இருப்பதே நல்லது. அந்த மூன்றை வேறு எங்காவது தேடுங்கள்.

இப்போது ஹெட்லைன். முதலில் எழுத வருவது 'சோபா சுத்தம் செய்வதில் 20% தள்ளுபடி'. இது 35, பெட்டி ஏற்காது. 'செய்வதில்' போனால் 'சோபா சுத்தம் 20% தள்ளுபடி' என்று 25இல் அடங்கிவிடுகிறது. பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் 'முதல் முறை' என்ற நிபந்தனை இதில் இல்லை. பழைய வாடிக்கையாளர் அழைத்து 20% கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. நிபந்தனை முழு நீளத்தில் 'முதல் முறையாக வரும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று 48 கேரக்டர். அதே பொருளை 'முதல் சேவைக்கு' என்று 14இல் சொல்லலாம். ஆக 'முதல் சேவைக்கு 20% தள்ளுபடி' 27. இதை வைத்துக்கொள்வோம்.

நிபந்தனையை இன்னொரு ஹெட்லைனில் போட்டால் என்ன என்று கேட்கலாம். கூகுளின் இப்போதைய தேடல் விளம்பரத்தில் 15 ஹெட்லைன் வரை, 4 டிஸ்கிரிப்ஷன் வரை கொடுக்கலாம். குறைந்தது மூன்று ஹெட்லைனும் இரண்டு டிஸ்கிரிப்ஷனும் வேண்டும். எது எதோடு சேர்ந்து வரும் என்பதைக் கூகுள் ஒவ்வொரு தேடலுக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் அதிகபட்சம் மூன்று ஹெட்லைன், இரண்டு டிஸ்கிரிப்ஷன்தான் தெரியும். அதனால் '20% தள்ளுபடி' ஒரு வரியிலும் 'முதல் சேவைக்கு மட்டும்' இன்னொரு வரியிலும் இருந்தால் முதலாவது மட்டும் வந்து இரண்டாவது வராமல் போகும் நாள் நிச்சயம் உண்டு. எண்ணும் அதன் நிபந்தனையும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும். சுருக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு விதிக்காகத்தான். அந்த வரி கட்டாயம் தெரிய வேண்டும் என்றால் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் 'பின்' என்ற குண்டூசி அடையாளத்தை அழுத்தி முதல் இடத்தில் நிறுத்துங்கள். மூன்றாவது ஹெட்லைன் இடமும் இரண்டாவது டிஸ்கிரிப்ஷன் இடமும் சில திரைகளில் காட்டப்படாமலே போகும் என்பதால் முக்கியமானதை அங்கே பின் செய்து பயனில்லை. பின் செய்தால் கூகுள் கலந்து பார்க்கும் சேர்க்கைகள் குறையும், விளம்பர வலிமை என்ற அளவீடும் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது ஒரு வழிகாட்டிதான், உங்கள் விளம்பரம் காட்டப்படுமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அது அல்ல.

மற்ற ஹெட்லைன்கள் சலுகையைத் தொடாமல் தனியாக நின்று பொருள் தர வேண்டும். 'வீட்டுக்கே வந்து சோபா சுத்தம்' 29. 'சோபா, மெத்தை, கார்பெட் சுத்தம்' சரியாக 30. டிஸ்கிரிப்ஷனில் நான்கு விவரமும் ஒன்றாக வந்துவிடும்: 'முதல் சேவைக்கு 20% தள்ளுபடி, மார்ச் 31 வரை. சோபா, மெத்தை, கார்பெட் சுத்தம் செய்கிறோம்.' இது 86. எவ்வளவு, யாருக்கு, எதுவரை என்ற மூன்றும் முதல் 43 கேரக்டரிலேயே முடிந்துவிடுவதைப் பாருங்கள். பின்பகுதி கண்ணில் படாவிட்டாலும் நஷ்டம் குறைவு. இதை முதல் டிஸ்கிரிப்ஷன் இடத்தில் பின் செய்துவிடலாம். இரண்டாவது: 'வீட்டுக்கே வந்து செய்கிறோம். நேரம் குறிக்க அழையுங்கள், வாட்ஸ்ஆப்பிலும் கேட்கலாம்.' இது 81.

சரியாக 30 வரும் அந்த ஹெட்லைனில் ஒரு வம்பு காத்திருக்கிறது. 'சோபா' என்பது 4 கேரக்டர். ச ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ப ஒன்று, கால் ஒன்று. ஆனால் பிடிஎஃப்-இலிருந்து எடுத்த உரையிலும், பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய உரையிலும் அந்த ஓகாரம் இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக உடைந்து உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கணக்கில் மட்டும் 'சோபா' 5 ஆகி, 30 வர வேண்டிய வரி 31 ஆகி, பெட்டி மறுத்துவிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லாச் சொற்களிலும் இது நடக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. அந்தச் சொல்லை மட்டும் ஒரு கட்டத்தில் ஒட்டி மேலே சொன்ன ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்கள், அல்லது எழுத்தின் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். 'சோ' என்பது 'சே' ஆக மாறினால் அது உடைந்த ஓகாரம். விரலால் கையோடு மறுபடி தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் இதே வழியில் உள்ளே வரும், அவையும் ஆளுக்கு ஒரு கேரக்டர். கணக்கு காரணமில்லாமல் ஒன்றிரண்டு கூடினால் சொல்லை வெட்டுவதற்கு முன் இதைச் சந்தேகப்படுங்கள்.

போன் நம்பருக்கு வருவோம். கூகுள் தேடல் விளம்பரத்தின் ஹெட்லைனிலோ டிஸ்கிரிப்ஷனிலோ போன் நம்பர் எழுத அனுமதி இல்லை. இடம் இருந்தாலும் விளம்பரம் நிராகரிக்கப்படும். ஆகவே நம்பருக்காக கேரக்டர் மிச்சம்பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அழைப்புக்கென்றே உள்ள 'கால் அசெட்' என்ற தனிப் பகுதியில் அதைச் சேர்க்க வேண்டும். கைபேசியில் விளம்பரத்தோடு அழைக்கும் பட்டனாக அது வரும், 30-90 கணக்கில் சேராது. போன் எடுக்க ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் அது தெரியும்படி அட்டவணை போடலாம். முகவரிக்கு லொகேஷன் அசெட் இருக்கிறது. தள்ளுபடிக்கும் தனியாக ப்ரோமோஷன் அசெட் உண்டு. அதில் சதவீதத்தை எண்ணாக மட்டும் கொடுத்துவிட்டு, பொருளின் பெயரை 20 கேரக்டருக்குள் எழுதினால் போதும். 'சோபா சுத்தம்' 12, தாராளமாக அடங்கும். தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் அங்கேயே குறிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அசெட்கள் ஒவ்வொரு முறையும் காட்டப்படும் என்ற உறுதி இல்லை. விளம்பரம் எந்த இடத்தில் வருகிறது, திரையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கூகுள் முடிவு செய்யும், நாம் கட்டாயப்படுத்த முடியாது. அதனால்தான் நான்கு விவரமும் உள்ள அந்த டிஸ்கிரிப்ஷனை அசெட் இருந்தாலும் விடக்கூடாது. நம்பருக்கு மாற்று, விளம்பரத்தைத் தட்டினால் திறக்கும் பக்கம். அதன் மேற்பகுதியிலேயே, விரலால் உருட்டாமல் தெரியும் இடத்தில், தட்டினால் அழைப்புப் போகும்படி நம்பர் இருக்கட்டும். அதே பக்கத்தில் 20%, முதல் சேவை, மார்ச் 31 மூன்றும் இருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன சலுகை பக்கத்தில் கிடைக்காவிட்டால் அதுவே கூகுள் கொள்கைப்படி விளம்பரத்தை நிறுத்தக் காரணம் ஆகலாம்.

இடம் பிடிக்கச் சிலர் செய்யும் குறுக்கு வழிகளும் இதே போலத் திரும்பி வரும். '20%தள்ளுபடி' என்று இடைவெளியை விழுங்குவது, எமோஜி போடுவது, ஹெட்லைனில் ஆச்சரியக்குறி போடுவது மூன்றும் கூகுளின் எழுத்து விதிகளுக்கு எதிரானவை. டிஸ்கிரிப்ஷனில் ஒரு ஆச்சரியக்குறி பரவாயில்லை. எங்கள் எடுத்துக்காட்டில் அதற்கும் வேலை இல்லை.

பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் கட்டண விளம்பரம் போடும்போது கதை வேறு. அங்கே நீளமான உரையை மறுப்பதில்லை, மடித்துவிடுகிறது. முதன்மை உரையில் ஏறக்குறைய 125 கேரக்டருக்குப் பிறகு 'மேலும் பார்க்க' வந்துவிடும் என்று வைத்து எழுதுவது வழக்கம். இது துல்லியமான கோடு அல்ல. திரை அகலம், விளம்பரம் வரும் இடம், நீங்கள் விட்ட வரி இடைவெளி இவற்றைப் பொறுத்து முன்பின் ஆகும். தமிழ் எழுத்து அகலமானது என்பதால் முன்னாலேயே மடியக்கூடும். வெளியிடும் முன் கைபேசி முன்னோட்டத்தில் பார்த்துவிடுங்கள்.

மேலே உள்ள பழைய கேப்ஷனை இந்த 125இல் வைத்துப் பாருங்கள். 125ஆவது கேரக்டர் 'வாடிக்கையாளர்களுக்கு' என்ற சொல்லின் நடுவில், 'வாடிக்கை'யோடு முடிகிறது. '20' தொடங்குவது 147ஆவது இடத்தில். அதாவது தள்ளுபடி ஒன்று இருப்பதே மடிப்பைத் திறக்காதவருக்குத் தெரியாது. 86 கேரக்டர் டிஸ்கிரிப்ஷனை அப்படியே தொடக்கத்தில் போட்டு, அதன் பின் 'அழைக்க:' என்று ஒரு பத்து இலக்க நம்பரைச் சேர்த்தால் மொத்தம் 105. நம்பரும் மடிப்புக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. மெட்டா விளம்பரத்தில் உரையில் நம்பர் எழுதத் தடை இல்லை. ஆனால் இன்ஸ்டாகிராமில் கேப்ஷனில் உள்ள லிங்க்கைத் தட்டினால் எதுவும் திறக்காது. ஆகவே அழைக்கும் பட்டனையோ வாட்ஸ்ஆப் பட்டனையோ தேர்ந்தெடுத்து நம்பரை அதற்குள் கொடுங்கள், உரையில் உள்ளது படித்துக் குறித்துக்கொள்பவருக்காக. புத்தம் புதிது போல என்பதெல்லாம் எழுத ஆசை இருந்தால் மடிப்புக்குக் கீழே தாராளமாக எழுதலாம், அங்கே இடம் இருக்கிறது. பேஸ்புக் ஃபீடில் பட்டனுக்குப் பக்கத்தில் வரும் தலைப்புக்கு மெட்டா பரிந்துரைக்கும் நீளம் 27 கேரக்டர். 'முதல் சேவைக்கு 20% தள்ளுபடி' சரியாக 27.

தேதியை வரிக்குள் எழுதியிருப்பதால் ஏப்ரல் 1 காலையில் அந்த விளம்பரம் தானாகப் பொய்யாகிவிடும். கேம்பெய்னுக்கு மார்ச் 31 என்று முடிவுத் தேதி கொடுத்துவிடுங்கள். தொடர்ந்து ஓட வேண்டும் என்றால் 20% வரும் ஹெட்லைனையும் முதல் டிஸ்கிரிப்ஷனையும் மாற்றி, பின்னை எடுத்துவிட்டு, ப்ரோமோஷன் அசெட்டின் தேதியையும் பாருங்கள். மாற்றிய விளம்பரம் மறுபடி பரிசீலனைக்குப் போகும், பெரும்பாலும் ஒரு வேலை நாளுக்குள் முடியும். ஆகவே 30ஆம் தேதியே புதிய வரிகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.